முந்தைய ஆண்டின் முதலிடத்தைத் துரத்திய சேமிப்பு: ஒரு கோவைக் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தம்பதியின் சேமிப்பு 2018 முதல் 2025 வரை சென்ற வழியைப் பதிவு செய்கிறது. அவர்கள் 2021 மார்ச்சில் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார்கள். அதற்கு முன் நடந்தவற்றை அவர்களுடைய கணக்கு அறிக்கைகளையும், மனைவி கைப்பட எழுதி வைத்திருந்த நோட்டையும் கொண்டு தொகுத்திருக்கிறேன். அவர்களுடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். அண்மையில் நடந்ததையே இனியும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளும் மனப்போக்கை அண்மைச் சார்பு என்கிறோம். அது ஒரு குடும்பத்தின் பணத்தில் எந்தெந்த இடத்தில் புகுந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கணக்கு எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

பின்னணி

கணவர் பம்ப் உற்பத்தி செய்யும் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவு மேலாளர். மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள். 2017 முடிவில் அவர்களிடம் 20 லட்சம் ரூபாய் சேமிப்பு இருந்தது. அதில் 9 லட்சம் பெரிய நிறுவனப் பங்குகளில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்டிலும், 8 லட்சம் வங்கி வைப்புத்தொகையிலும், 3 லட்சம் பங்குச் சந்தையில் எளிதாக வாங்கி விற்கக்கூடிய தங்க இடிஎஃப்பிலும் இருந்தன. யாரும் வகுத்துக் கொடுத்த திட்டம் அல்ல அது. ஆண்டுக்கணக்கில் கைக்கு வந்ததை வந்த இடத்தில் போட்டு வைத்ததில் தானாக அமைந்த பங்கீடு. ஆனாலும் மகளின் கல்லூரிச் செலவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்த ஒரு குடும்பத்துக்கு அது குறை சொல்ல முடியாத பங்கீடுதான்.

அந்த ஆண்டு நாட்டில் நிலவிய சூழலையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் நடந்த பணமதிப்பு நீக்கத்துக்குப் பின் வங்கிகளில் வைப்புப் பணம் குவிந்து வட்டி விகிதம் இறங்கியிருந்தது. தங்கம் 2013 தொடங்கி மூன்று ஆண்டுகள் சரிந்து, அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. மனை வாங்கியவர்கள் விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மற்ற எல்லாம் சோர்ந்திருந்த அந்த நேரத்தில் சிறு நிறுவனப் பங்குகள் மட்டும் தனியாக ஓடின. நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு 2017-இல் சுமார் 57% உயர்ந்தது. பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி 50 சுமார் 29% உயர்ந்தது.

2018 ஜனவரி: முதல் நகர்வு

ஆண்டு பிறந்ததும் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் போன ஆண்டின் முதல் பத்து ஃபண்டுகள் என்ற பட்டியல்கள் வரத் தொடங்கின. கணவர் அவற்றில் ஒன்றைக் கத்தரித்து வைத்திருந்தார். அந்தத் துண்டை நான் பார்த்திருக்கிறேன். ஓராண்டு வருமானம் என்ற நிரல் நீல மையால் கட்டம் கட்டப்பட்டிருந்தது. மற்ற நிரல்களின் மேல் பேனா படவில்லை. தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் இருவர் முந்தைய ஆண்டிலேயே சிறு நிறுவன ஃபண்டில் பணம் போட்டு, அது ஒன்றரை மடங்கானதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் 7 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்தார்கள். தங்க இடிஎஃப்பையும் முழுவதுமாக விற்றார்கள். சேர்ந்த 10 லட்சத்தையும் ஒரே நாளில் ஒரு சிறு நிறுவன ஃபண்டில் போட்டார்கள். தங்கம் அன்று கிராமுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் என்பதால், விற்ற 3 லட்சம் ரூபாய் 100 கிராமுக்குச் சமம். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

அவர்கள் ஆராயாமல் முடிவெடுத்தவர்கள் அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஓராண்டை மட்டும் நம்பக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பணம் போடுவதற்கு முன் மூன்றாண்டு வருமானத்தையும் பார்த்திருக்கிறார்கள். அதுவும் ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டி இருந்ததால் தைரியம் கூடியிருக்கிறது. இந்த இடத்தில்தான் நுட்பமான தவறு ஒளிந்திருக்கிறது. குறியீட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2015-இல் அது சுமார் 7 சதவீதமும், 2016-இல் சுமார் 2 சதவீதமும், 2017-இல் சுமார் 57 சதவீதமும் உயர்ந்தது. 100 ரூபாய் முதல் ஆண்டு முடிவில் 107 ஆகி, இரண்டாம் ஆண்டு முடிவில் 109 ஆகி, மூன்றாம் ஆண்டு முடிவில் 171 ஆனது. சராசரியாக்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20% வருகிறது. கடைசி ஆண்டை எடுத்துவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகளின் சராசரி நாலரை சதவீதம்தான்; அது அன்றைய வங்கி வட்டிக்கும் கீழே. மூன்றாண்டுச் சாதனை என்று பட்டியல் காட்டியது ஒரே ஓர் ஆண்டின் ஏற்றத்தைத்தான். நீண்ட காலத்தைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு, அவர்கள் மறுபடியும் சென்ற ஆண்டையே பார்த்திருந்தார்கள்.

வேறோர் அறிகுறியும் அப்போது கண்ணெதிரே இருந்தது. சில சிறு நிறுவன ஃபண்டுகள் 2017-லேயே மொத்தமாக வரும் புதிய பணத்தை ஏற்பதை நிறுத்தியிருந்தன. சிறு நிறுவனப் பங்குகள் நாளொன்றுக்குக் குறைவான எண்ணிக்கையில்தான் கைமாறும் என்பதால், குவிந்து வரும் பணத்தைக் கொண்டு நியாயமான விலையில் வாங்க முடியாது என்பது அவற்றின் நிலை. ஃபண்டை நடத்துபவரே வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும்போது வாசலில் நிற்பவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். இந்தக் குடும்பம் அதை, நல்ல ஃபண்டில் இடம் கிடைப்பது கடினம் என்று புரிந்துகொண்டு, இன்னும் அவசரப்பட்டது.

2018 முதல் 2020 வரை: சரிவும் இரண்டாம் நகர்வும்

பணம் போட்ட அதே மாதத்தில் குறியீடு உச்சத்தைத் தொட்டுத் திரும்பியது. பிப்ரவரி 1 அன்று வந்த மத்திய பட்ஜெட், ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கும் பங்குகளில் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 10% வரியை மீண்டும் கொண்டு வந்தது. செப்டம்பரில் ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடன் தவணையைக் கட்டத் தவறியதும் சிறிய நிறுவனங்களுக்குக் கடன் கிடைப்பது இறுகியது. ஸ்மால்கேப் 100 குறியீடு 2018-இல் சுமார் 29 சதவீதமும், 2019-இல் மேலும் 9 சதவீதத்துக்கு மேலும் இறங்கியது. இவர்களுடைய ஃபண்ட் குறியீட்டைவிடப் பரவாயில்லாமல் நடந்தது. 10 லட்சம் 2019 முடிவில் சுமார் 7.7 லட்சமாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது 5 லட்சத்தைத் தொட்டது.

இரண்டு ஆண்டுகள் பொறுத்தவர்கள் 2020 மே மாதக் கடைசியில் விற்றார்கள். கைக்கு வந்தது 5.9 லட்சம். தொழிற்சாலை அரைச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை என்பதால், அந்த அச்சத்தை நான் எளிதாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்ற பணம் வீட்டுச் செலவுக்குத் தேவைப்படவில்லை. அது இரண்டு மாதம் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. அதற்குள் தங்கம் எல்லோர் பேச்சிலும் ஏறிவிட்டது. 2019-இல் ரூபாய் மதிப்பில் இருபது சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்த தங்கம், 2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில் முன்பின் காணாத விலையைத் தொட்டது. அதே வாரம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட தங்கப் பத்திரத்தின் விலை கிராமுக்கு 5,334 ரூபாய். இணையவழியில் விண்ணப்பித்தவர்களுக்கு 50 ரூபாய் தள்ளுபடி. அவர்கள் 110 கிராமுக்கு விண்ணப்பித்து 5,81,240 ரூபாய் கட்டினார்கள்.

2021 மார்ச்: என்னிடம் வந்தபோது கண்டவை

அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: தங்கப் பத்திரத்தை விற்றுவிட்டு மறுபடியும் சிறு நிறுவன ஃபண்டுக்குப் போகலாமா என்பது. மார்ச் முதல் வாரத்தில் வந்த புதிய தங்கப் பத்திரத்தின் விலை 4,662 ரூபாயாக இறங்கியிருந்தது. அவர்கள் மே மாதத்தில் விட்டுவிட்டு வந்த ஃபண்டோ ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. கணவர், “இனி தங்கம் எழுந்திரிக்காதுங்க சார், மார்க்கெட் பக்கம் பாருங்க” என்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கத்தை விற்றதற்கும் ஏறத்தாழ இதே காரணத்தைத்தான் அவர் சொல்லியிருந்தார்.

பதில் சொல்வதற்கு முன், 2018 ஜனவரியில் நகர்த்திய 10 லட்சத்தை மட்டும் தனியே எடுத்து, மூன்று நிலைகளில் அது 2021 மார்ச்சில் எங்கே இருந்திருக்கும் என்று அவர்கள் முன்னிலையிலேயே கணக்கிட்டோம். எதையும் தொடாமல் இருந்திருந்தால், 7 லட்சம் வைப்புத்தொகை ஆறரை சதவீத வட்டியில் சுமார் 8.5 லட்சமாகவும், 100 கிராம் தங்கம் சுமார் 4.6 லட்சமாகவும், மொத்தம் 13 லட்சத்துக்கு மேலாக இருந்திருக்கும். உச்சத்தில் நுழைந்திருந்தாலும் அதே ஃபண்டில் அசையாமல் இருந்திருந்தால் சுமார் 11 லட்சம் இருந்திருக்கும். இரண்டு முறை நகர்ந்ததால் அவர்கள் கையில் அன்று இருந்தது சுமார் 5.1 லட்சம் மதிப்புள்ள தங்கப் பத்திரம்.

இந்த மூன்று எண்களுக்கு இடையிலான இடைவெளியை அவர்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நகர்வால் போனது 2 லட்சம்தான். இரண்டாம் நகர்வால் போனது 6 லட்சம். பிழையான நேரத்தில் வாங்கியதைவிட, வாங்கியதிலிருந்து பிழையான நேரத்தில் வெளியேறியதுதான் மூன்று மடங்கு சேதம் செய்திருக்கிறது. அண்மைச் சார்பு பற்றிப் பேசும்போது பெரும்பாலும் உச்சத்தில் வாங்குவதைத்தான் சொல்வார்கள். அதே சார்பு சரிவின் அடியில் நின்று, இனி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி விற்க வைப்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மனைவி வேறொன்றைக் கண்டார். “ஏங்க, மூவாயிரத்துக்குக் குடுத்த தங்கத்தை ஐயாயிரத்து இருநூத்து எம்பத்துநாலுக்குத் திரும்ப வாங்கியிருக்கோம்” என்று கணவரிடம் சொன்னார். 100 கிராமைக் கொடுத்து 3 லட்சம் பெற்றவர்கள், பத்துக் கிராம் கூடுதலாகத் திரும்பப் பெற 5.81 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். துரத்துவதன் செலவைக் கணக்கிடும்போது வாங்கியதை மட்டும் பார்க்கிறோம். அதை வாங்குவதற்காக எதை விற்றோம், அது பின்னர் என்ன ஆனது என்பது எந்த அறிக்கையிலும் வருவதில்லை. விற்றுவிட்ட ஃபண்ட் கணக்கு அறிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறது. மனைவியின் நோட்டு இல்லையென்றால் இந்த ஒப்பீடே எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பிறகு ஒரு சிறு பயிற்சி செய்தோம். 2008 தொடங்கி ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு தாளில் பெரிய நிறுவனப் பங்கு, சிறு நிறுவனப் பங்கு, தங்கம், வைப்புத்தொகை ஆகியவற்றின் வருமானத்தை எழுதி, தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு தாளைத் திருப்பியதும், அடுத்த ஆண்டு எது முதலில் வரும் என்று இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். 2008-இல் நிஃப்டி பாதிக்கும் மேல் சரிந்த தாளைப் பார்த்ததும் இருவரும் தங்கம் என்று எழுதினார்கள். 2009-இல் நிஃப்டி 76% உயர்ந்தது. ஆனால் 2010-இலும் 2011-இலும் தங்கமே அடுத்தடுத்து முதலிடம் பெற்றது. முதலிடம் ஒருபோதும் திரும்ப வராது என்று சொன்னால் அது உண்மையாகாது. சில நேரம் திரும்ப வருகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் விடுவதற்குக் கடினமாக இருக்கிறது. எப்போது திரும்பும், எப்போது திரும்பாது என்பதை முந்தைய தாளிலிருந்து அறிய வழியில்லை என்பதைத்தான் அந்தப் பயிற்சி காட்டியது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மொத்தச் சேமிப்பு அன்று 23 லட்சம். பெரிய நிறுவன ஃபண்ட் 12.5 லட்சமாக வளர்ந்திருந்தது. நடுவில் யாரும் அதைத் தொடாததே அதற்குக் காரணம். சம்பளத்திலிருந்து மீண்டும் சேர்த்த வைப்புத்தொகை 5.4 லட்சம். தங்கம் 5.1 லட்சம். மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள்; மூன்று ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணம் தொடங்கும்.

முதலில் பங்கீட்டை நிர்ணயித்தோம். பெரிய நிறுவனப் பங்குகள் 40%, சிறு நிறுவனப் பங்குகள் 10%, தங்கம் 15%, வைப்புத்தொகை 35%. இந்த எண்கள் எந்தச் சந்தைக் கணிப்பிலிருந்தும் வரவில்லை. கல்லூரிச் செலவுக்கு வேண்டியது முழுவதும் ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதிலிருந்து வைப்புத்தொகையின் அளவு வந்தது. 2020 மார்ச் போன்ற சரிவு மீண்டும் வந்தாலும் விற்காமல் இருக்க முடிகிற அளவு எது என்று அவர்களையே கேட்டதிலிருந்து பங்குகளின் அளவு வந்தது. சிறு நிறுவனப் பங்குகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முற்றிலும் விலக்கி வைத்தால் அடுத்த ஏற்றத்தில் மொத்தமாக உடைத்துக்கொண்டு போவார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

தங்கப் பத்திரத்தை விற்க வேண்டாம் என்பது இரண்டாவது முடிவு. பங்கீட்டின்படி தங்கம் ஏழு சதவீதப் புள்ளி கூடுதலாகவே இருந்தது. ஆனாலும் சந்தையில் அந்தப் பத்திரங்கள் மிகக் குறைவாகவே கைமாறின, அதுவும் தங்கத்தின் விலையைவிடக் குறைவான விலைக்கு. டீமேட் கணக்குக்கு மாற்றினால்தான் விற்கவும் முடியும். ரிசர்வ் வங்கியிடமே திருப்பிக் கொடுக்க ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே புதிய பணத்தை வேறு வகைகளுக்கு அனுப்பி, தங்கத்தின் விகிதம் தானாகக் குறையட்டும் என்று விட்டோம். எளிதில் விற்க முடியாத அந்தத் தடை இவர்களுக்கு நன்மையே செய்தது. இடிஎஃப்பாக இருந்திருந்தால் என்னிடம் வருவதற்கு முன்பே விற்றிருப்பார்கள்.

மூன்றாவதாக, பெரிய நிறுவன ஃபண்டிலிருந்து 2.5 லட்சத்தை எடுத்து வைப்புத்தொகையில் சேர்த்தோம். அதில் லாபம் சுமார் 70,000 ரூபாய்தான் என்பதால் 1 லட்சம் வரையிலான விலக்குக்குள் அடங்கியது. மார்ச் 31-க்குள் முடித்ததால் அந்த நிதியாண்டின் விலக்கு வீணாகவில்லை. ஏப்ரல் முதல் மாதம் 15,000 ரூபாய் எஸ்ஐபி தொடங்கினார்கள். 9,000 ரூபாய் நிஃப்டி குறியீட்டு ஃபண்டுக்கும், 6,000 ரூபாய் சிறு நிறுவனக் குறியீட்டு ஃபண்டுக்கும் சென்றன. சிறு நிறுவனப் பங்கு மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தொட்டதும் அந்த எஸ்ஐபி நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட விதிகளைத்தான். பங்கீட்டை ஆண்டுக்கு ஒரே முறை, ஜூலை முதல் வாரத்தில் பார்ப்பது. ஏதாவது ஒரு வகை இலக்கிலிருந்து ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் திருத்துவது. இடையில் எந்த மாற்றம் செய்யத் தோன்றினாலும், காரணத்தைத் தேதியிட்டு எழுதி அடுத்த ஜூலை வரை வைத்திருப்பது. ஜூலை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜனவரியில் காலண்டர் ஆண்டின் பட்டியல்களும், ஏப்ரலில் நிதியாண்டின் பட்டியல்களும் வெளியாகும். முடிவெடுக்கும் நாளைப் பட்டியல் வெளியாகும் நாளிலிருந்து தள்ளி வைப்பதுதான் அண்மைச் சார்புக்கு எதிராக நான் அறிந்த மிக எளிய தடுப்பு.

பின்னர் நடந்தவை

முதல் சோதனை 2022 ஜனவரியில் வந்தது. ஸ்மால்கேப் 100 குறியீடு 2021-இல் சுமார் 59% உயர்ந்திருந்தது. தங்கம் அந்த ஆண்டு சற்றுக் குறைந்திருந்தது. கணவர் தொலைபேசியில் அழைத்து, சிறு நிறுவன எஸ்ஐபியை 20,000 ரூபாயாக்கி, வைப்புத்தொகையிலிருந்து 3 லட்சத்தையும் அங்கே மாற்ற வேண்டும் என்றார். விவாதிக்காமல், காரணத்தை எழுதி வைக்கச் சொன்னேன். அவர் எழுதியது இரண்டே வரி: “ஓராண்டில் 59%. நாம் 6,000 மட்டும் போடுகிறோம்.” ஜூனில் அந்தக் குறியீடு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கால் பங்கு சரிந்திருந்தது. ஜூலையில் அந்தத் தாளைத் திறந்தபோது அவரே அதைத் தள்ளி வைத்தார். எஸ்ஐபி மட்டும் மாறாமல் தொடர்ந்தது. இறங்கிய விலையில் கூடுதல் யூனிட்டுகள் சேர்ந்தன. அந்த ஆண்டு முடிவில் சிறு நிறுவனக் குறியீடு சுமார் 14% நஷ்டத்திலும், தங்கம் ஏறத்தாழ அதே அளவு லாபத்திலும் இருந்தன.

2023-இல் சிறு நிறுவனக் குறியீடு மீண்டும் 55 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. 2024 பிப்ரவரிக் கடைசியில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சிறு மற்றும் நடுத்தர நிறுவன ஃபண்டுகளில் குவியும் பணம் குறித்துக் கவலை தெரிவித்து, முதலீட்டாளர்களைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளைச் செய்யும்படி ஃபண்ட் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. மார்ச் முதல், பங்குகளை விற்றுப் பணமாக்க எத்தனை நாளாகும் என்ற கணக்கை அந்த ஃபண்டுகள் வெளியிடத் தொடங்கின. 2017-இல் அடைக்கப்பட்ட கதவுகளைக் கவனிக்காத கணவர் இந்தச் செய்தியை எனக்கு முன்பே படித்துவிட்டு அனுப்பினார்.

அந்த ஜூலையில் மொத்தச் சேமிப்பு சுமார் 41 லட்சம். பங்குகள் இரண்டும் சேர்ந்து 59 சதவீதமாகியிருந்தன. 3.5 லட்சத்தைப் பங்குகளிலிருந்து வைப்புத்தொகைக்கு மாற்றினோம். சிறு நிறுவனப் பங்கு வரம்பைத் தொட்டதால் அந்த எஸ்ஐபி நிறுத்தப்பட்டது. மகளின் முதலாண்டுக் கட்டணம் வைப்புத்தொகையிலிருந்து கட்டப்பட்டது; எதையும் அவசரமாக விற்க வேண்டியிருக்கவில்லை. சிறு நிறுவனக் குறியீடு 2024-ஐயும் ஏற்றத்திலேயே முடித்தது. 2025 தொடக்க மாதங்களில்தான் கடுமையாக இறங்கியது. ஆகவே எங்கள் திருத்தம் உச்சத்தில் நடந்தது என்று சொல்ல முடியாது. உச்சத்தைப் பிடிப்பது விதியின் வேலையும் அல்ல.

2025 ஜூலையில் தங்கத்தின் முறை வந்தது. 110 கிராம் பத்திரத்தின் மதிப்பு 11 லட்சத்தை நெருங்கி, மொத்தத்தில் 24 சதவீதமாகியிருந்தது. ஐந்து ஆண்டுகள் நிறைவதால் ஆகஸ்ட் மாத வட்டி நாளில் ரிசர்வ் வங்கியிடமே பகுதியளவு திருப்பிக் கொடுக்கலாம். வங்கிக் கிளையில் முன்கூட்டியே விண்ணப்பித்து 40 கிராமைக் கொடுத்தார்கள். கிராமுக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை கிடைத்தது. பாதி வைப்புத்தொகைக்கும் பாதி பெரிய நிறுவன ஃபண்டுக்கும் சென்றது.

தங்கம் அதற்குப் பின்னும் ஏறியது. டிசம்பரில் கிராம் பதின்மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஜூலை விதியைப் பின்பற்றியதால் அந்த 40 கிராமில் அவர்கள் இழந்த வாய்ப்பு 1.2 லட்சத்துக்குக் குறையாது. 2020 ஆகஸ்டில் அவர்கள் தங்கம் வாங்கியது தவறு என்றுகூட இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். போட்ட பணம் இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆனால் 2021 மார்ச்சில் அவர்கள் வந்த எண்ணத்தோடே போயிருந்தால் அந்த 110 கிராமில் ஒரு கிராமும் இன்று இருந்திருக்காது. தங்கப் பத்திரம் பலன் தந்தது, அதை வாங்கிய காரணம் சரியாக இருந்ததால் அல்ல. அடுத்த காரணம் வந்தபோது விற்காததால்தான்.

மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வுக்குப் பின் என்னிடம் வரும் குடும்பங்களுக்குக் கொடுக்கும் தாளில் சில மாற்றங்களைச் செய்திருக்கிறேன். மாற்றக் காரணம் எழுதும் இடத்தில் முன்பு எதை வாங்க விரும்புகிறீர்கள் என்று மட்டும் இருந்தது. இப்போது அதற்கு மேலே, எதை விற்கப் போகிறீர்கள், இன்று அதன் விலை என்ன, எத்தனை யூனிட் அல்லது எத்தனை கிராம் என்ற வரி இருக்கிறது. விற்ற பொருளின் விலையையும் அடுத்த இரண்டு ஜூலைகளில் எழுதி ஒப்பிடச் சொல்கிறேன். அந்த மனைவியின் நோட்டிலிருந்து எடுத்துக்கொண்டது இது.

மூன்றாண்டு, ஐந்தாண்டு வருமானங்களை யார் காட்டினாலும், கடைசி ஓராண்டை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிட்டுப் பார்ப்பதை நடைமுறையாக்கியிருக்கிறேன். நீக்கியதும் எண் பாதிக்குக் கீழே விழுந்தால், பட்டியல் காட்டுவது ஓராண்டின் கதை என்று பொருள்.

ஐந்து சதவீதப் புள்ளி என்ற வரம்பைச் சிறிய பங்குகளுக்கு அப்படியே வைப்பதில்லை. பத்து சதவீதம் மட்டுமே உள்ள ஒரு வகைக்கு அது மிகத் தாராளமானது. 15% ஆகும் வரை விதி வாய் திறக்காது. அத்தகைய வகைகளுக்கு இப்போது மூன்று புள்ளி வைக்கிறேன். எளிதில் விற்க முடியாத முதலீடுகளுக்கு, வெளியேறக்கூடிய அடுத்த தேதியையும் தாளிலேயே எழுதிவிடுகிறோம்.

இந்தக் குடும்பத்தின் தாளில் 2025 டிசம்பர் தேதியிட்டு ஒரு புதிய காரணம் எழுதப்பட்டிருக்கிறது. இம்முறை எழுதியவர் மனைவி. வைப்புத்தொகையிலிருந்து 2 லட்சத்தைத் தங்க இடிஎஃப்புக்கு மாற்றலாம் என்பது அவருடைய யோசனை. மகளின் மூன்றாமாண்டுக் கட்டணமும் அதே வைப்புத்தொகையிலிருந்துதான் கட்டப்பட வேண்டும் என்பதைக் கணவர் அதன் கீழே குறித்திருக்கிறார். ஜூலையில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.